நாலாவது ஸ்லைடு: கீழாநெல்லிக்கு ஏன் சிவப்புக் கட்டம்?

மலையோரம்:
"வீட்டு வைத்தியம்: எது ஆறுதல், எதற்கு டாக்டர்?" என்று எட்டு ஸ்லைடு சுற்றிக்கொண்டிருக்கிறது. சுக்குக் காபிக்குப் பச்சைக் கட்டம், உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பதற்குப் பச்சைக் கட்டம், ஓமத் தண்ணீருக்கும் பச்சைக் கட்டம். நாலாவது ஸ்லைடில் கீழாநெல்லிக்கு மட்டும் சிவப்பு. போச்சம்பள்ளிப் பக்கம் எங்கள் தாத்தா 40 வருஷம் காமாலைக்கு இதைத்தான் அரைத்துக் கொடுத்தார். வெற்றிலை பாக்கு தவிர ஒரு பைசா வாங்கியதில்லை. சிவப்புக் கட்டம் போட இவர்கள் யார்?

சோதனைக்குழாய்:
போட்டது நான்தான். பாலக்கோட்டில் 19 வருஷமாக லேபில் ரத்தம் எடுக்கிறேன். சிவப்பு அந்தச் செடிக்கு இல்லை அண்ணா. படத்துக்குக் கீழே உள்ள வாக்கியத்துக்கு: "மூன்று நாள் குடித்தால் காமாலை இறங்கிவிடும், டெஸ்ட் எதுவும் வேண்டாம்." ஊரில் வாய்வழியாகச் சொல்கிற வாக்கியம் இது. அதைப் படிக்காமல் கட்டத்தின் நிறத்தை மட்டும் பார்த்திருக்கிறீர்கள்.

மலையோரம்:
கட்டத்துக்குள் இருப்பது கீழாநெல்லி. கட்டம் சிவப்பு. இதில் படிக்க என்ன இருக்கிறது பாப்பா?

டிராக்டர்:
எனக்கு 2019இல் காமாலை வந்தது. கண் மஞ்சள், ஒன்றுக்குப் போனால் டீ டிகாஷன் மாதிரி. மத்தூர் பக்கம் ஒருவர் விடியற்காலையில் கீழாநெல்லியை மோரில் அரைத்து மூன்று நாள் கொடுத்தார். உப்பு, எண்ணெய், கறி எதுவும் கூடாது என்றார். நாலாம் நாள் பசி எடுத்தது, மூத்திரமும் தெளிந்தது. நேரில் பார்த்தவன் சொல்கிறேன், வேலை செய்கிறது.

சோதனைக்குழாய்:
தம்பி, அங்கே போவதற்கு முன்னால் எத்தனை நாள் காய்ச்சலும் வாந்தியும் இருந்தது?

டிராக்டர்:
ஒரு வாரத்துக்கு மேல் அக்கா. சோற்று வாசனையே ஆகாது. கண் மஞ்சளான பிறகுதான் அம்மா கூட்டிப் போனார்.

சோதனைக்குழாய்:
அதைத்தான் சொல்ல வருகிறேன். உங்கள் வயசில், கெட்ட தண்ணீரால் வருகிற ஹெபடைடிஸ் ஏ என்றால் கண் மஞ்சளாகும்போதே கல்லீரல் வீக்கம் உச்சத்தைத் தாண்டத் தொடங்கியிருக்கும். லேபில் பார்த்தால், கல்லீரல் வீங்கினால் ரத்தத்தில் ஏறுகிற எஸ்.ஜி.பி.டி. 1,500, 2,000 என்று இருந்து, அடுத்த வாரமே பாதிக்குக் கீழே இறங்கிவிடும். வாந்தி நிற்கும், பசி எடுக்கும். கண்ணின் மஞ்சள் மட்டும் இரண்டு மூன்று வாரம் பின்னால் மெதுவாகப் போகும். ஜனங்கள் கண் மஞ்சளான பிறகுதான் மருந்துக்குப் போகிறார்கள். அதாவது தானாக இறங்குகிற நேரத்தில். அந்த மூன்று நாளில் எதைக் கொடுத்திருந்தாலும் அதற்குத்தான் பேர் கிடைத்திருக்கும்.

மலையோரம்:
அப்படியென்றால் உங்கள் ஆஸ்பத்திரியில் அதற்கு என்ன மருந்து? ஓய்வெடு, தண்ணீர் குடி, மூன்று பாட்டில் டிரிப்ஸ், கூடவே ஒரு பில். நீங்களும் மருந்து தரவில்லை. எங்கள் தாத்தா பணமாவது வாங்கவில்லை. கட்டத்தை ஏன் ஆஸ்பத்திரிக்குப் போடவில்லை?

சோதனைக்குழாய்:
ஹெபடைடிஸ் ஏக்குத் தனி மருந்து இல்லைதான், மறுக்கவில்லை. டெஸ்ட் எடுப்பது மருந்துக்காக இல்லை, வந்திருப்பது எந்தக் காமாலை என்று தெரிந்துகொள்ள. மஞ்சள் ஒன்றுதான், காரணம் பல.

என் சித்தப்பா கதையைச் சொல்கிறேன். 52 வயசு, தக்காளி விவசாயம். கண் மஞ்சளானதும் வீட்டில் கீழாநெல்லி தொடங்கினார்கள். மூன்று நாளில் இறங்கவில்லை. "பத்தியம் சரியாக இல்லை" என்று இன்னும் மூன்று நாள். அப்புறம் இன்னும் மூன்று. இப்படி 22 நாள் ஓடிவிட்டது. எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒருநாள் வீட்டுக்குப் போனபோது முதுகு முழுக்க நகக்கீறல். ராத்திரி தூங்க முடியாத அரிப்பு. மலம் என்ன நிறம் என்று கேட்டேன். சித்தி தயங்கித் தயங்கிச் சொன்னார்: களிமண் மாதிரி வெளுப்பாக.

அங்கேயே ரத்தம் எடுத்தேன். கண்ணை மஞ்சளாக்குகிற பிலிருபின் 1 தாண்டக் கூடாது, அவருக்கு 14. அதில் 11 நேரடி வகை, கல்லீரல் பதப்படுத்திய பிறகும் வெளியேறாமல் தேங்கியது. எஸ்.ஜி.பி.டி. 90தான். டிராக்டர் தம்பி மாதிரியான காமாலையில் ஆயிரத்தைத் தாண்டியிருக்க வேண்டியது இது. பித்த வழி அடைத்தால் ஏறுகிற அல்கலைன் பாஸ்பேட்டேஸ் 600ஐத் தாண்டியிருந்தது. கல்லீரல் வீங்கவில்லை, பித்த வழி அடைத்திருக்கிறது என்று அந்தச் சீட்டைப் பார்த்தாலே தெரியும். ஸ்கேனில் பித்தநாளத்தில் கல். மறுநாள் குளிர்க்காய்ச்சல் வந்துவிட்டது, அடைத்த பித்தத்தில் கிருமி. எண்டோஸ்கோப்பி வழியாகக் கல்லை எடுத்தார்கள். பிழைத்தார். கீழாநெல்லி அவரைக் கெடுக்கவில்லை. அந்த 22 நாள்தான் கெடுத்தது. சிவப்புக் கட்டம் அந்த 22 நாளுக்கு.

தாவரவியல் வாத்தியார்:
கிருஷ்ணகிரியில் 31 வருஷம் பாடம் எடுத்தவன் நான். லேப் பெண் பேசுவது அரைகுறை. 1988இல் லான்செட் மருத்துவ இதழில் சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி வந்திருக்கிறது. கூட இருந்தவர் ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய புளூம்பெர்க். கீழாநெல்லிப் பொடி கொடுத்த 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸ் அடையாளமே இல்லாமல் போனது. வெறும் மாத்திரை கொடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் போனது. நிரூபித்தாகிவிட்டது. இதற்கு மேல் என்ன?

மலையோரம்:
கேட்டுக்கோ பாப்பா! நோபல்காரரே சொல்லிவிட்டார். கட்டத்தைப் பச்சையாக்கு.

சோதனைக்குழாய்:
முதலில், என்னைப் பாப்பா என்று கூப்பிட வேண்டாம்.

வாத்தியார் ஐயா, எண்கள் சரி. அந்த 37 பேர் யார் என்பதை விட்டுவிட்டீர்கள். காமாலையோடு வந்தவர்கள் இல்லை. ஹெபடைடிஸ் பி உடம்பில் குடியிருந்தும் வெளியே நோய் தெரியாதவர்கள். கண் மஞ்சளே இல்லை. அவர்களுக்கு அரைத்த விழுதும் மூன்று நாளும் இல்லை. அளந்த பொடி, வேளைக்கு 200 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூன்று வேளை, 30 நாள். பிற்பாடு தாய்லாந்து போன்ற இடங்களில் செய்து பார்த்தபோது அந்த அளவுக்குப் பலன் வரவில்லை. நல்ல ஆராய்ச்சிதான், இன்னும் தேட வேண்டிய செடிதான். ஆனால் கண் மஞ்சளானவருக்கு "டெஸ்ட் வேண்டாம்" என்று அதில் எந்த வரியும் சொல்லவில்லை.

தாவரவியல் வாத்தியார்:
தாய்லாந்தில் அவர்கள் எந்தச் செடியை எடுத்தார்களோ, எந்த மாதத்தில் பறித்தார்களோ! மண் மாறினால் சத்து மாறும். போகட்டும், இன்னொன்று. ஸ்லைடில் போட்டிருக்கும் படம் கீழாநெல்லியே இல்லை. அது மேலாநெல்லி. கீழாநெல்லியில் இலைக்காம்புக்கு அடியில் வரிசையாகக் காய் தொங்கும், இலை சின்னது, மெல்லியது. உங்கள் படத்தில் இலை நீண்டு ஆப்பு மாதிரி இருக்கிறது. செடியே தெரியாதவர்கள் செடிக்குக் கட்டம் போடுகிறார்கள்.

மலையோரம்:
அப்படிப் போடுங்க! படமே தப்பு. படம் தப்பு என்றால் எட்டு ஸ்லைடும் தப்பு.

சோதனைக்குழாய்:
படம் தப்பாக இருக்கலாம், மாற்றிவிடுகிறேன். ஆனால் ஸ்லைடு போட நேரம் எடுத்துக்கொண்ட நானே செடியை மாற்றி எடுக்க முடியும் என்றால், விடியற்காலை இருட்டில் வரப்பில் பறிக்கிறவர் மாற்றி எடுக்க மாட்டாரா? எங்கள் பக்கம் தக்காளிக்கு வாரம் தவறாமல் மருந்து அடிக்கிறார்கள். அந்த வரப்பில் முளைத்த செடியைத்தான் பச்சையாக அரைத்து, சோர்ந்து கிடக்கிற கல்லீரலுக்குக் கொடுக்கிறோம்.

அரூர் பாட்டி:
எல்லாரும் படித்தவர்களாகப் பேசுகிறீர்கள். என் பேரன் பிறந்து 25 நாள் ஆகிறது. உடம்பு மஞ்சள் இன்னும் போகவில்லை. காலை வெயிலில் காட்டுகிறோம். கீழாநெல்லி கொடுக்கலாம் என்கிறீர்களா? சங்கில் எத்தனை கொடுக்க வேண்டும்?

மலையோரம்:
பச்சைக் குழந்தைக்கு நேராகக் கொடுக்கக் கூடாது அம்மா. தாய்க்குக் கொடுத்தால் பால் வழியாகப் போகும்.

சோதனைக்குழாய்:
வேண்டாம் அம்மா, தாய்க்கும் வேண்டாம், குழந்தைக்கும் வேண்டாம். மலம் என்ன நிறம் என்று மட்டும் இப்போதே பாருங்கள். குழந்தை மலம் கடுகு மாதிரி மஞ்சளாகவோ பச்சையாகவோ இருக்க வேண்டும். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால், மூத்திரம் துணியில் மஞ்சள் கறை விட்டால், பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். அதற்கு ஆபரேஷன் இருக்கிறது. 60 நாளுக்குள் செய்தால்தான் நல்ல பலன். 25 நாள் ஆகிவிட்டது என்கிறீர்கள். மலம் எப்படி இருந்தாலும் சரி, இரண்டு வாரம் தாண்டிய மஞ்சளுக்கு ரத்தம் பார்த்தே ஆக வேண்டும். நாளைக்கே குழந்தை டாக்டரிடம் தூக்கிப் போங்கள்.

அரூர் பாட்டி:
மருமகள் தாய்ப்பால் மஞ்சள் என்றுதான் சொன்னாள். மலம் வெளுப்பு மாதிரிதான் தெரிகிறது. வெளிச்சத்தில் பார்த்துச் சொல்கிறேன்.

டிராக்டர்:
பாட்டி, காலையில் கிளம்புங்க. வண்டி வேண்டுமென்றால் சொல்லுங்க.

தாவரவியல் வாத்தியார்:
பச்சிளங்குழந்தை பேச்சு வேறு, பெரியவர் பேச்சு வேறு. இதைக் காட்டி செடியை மட்டம் தட்டக் கூடாது. நான் கேட்டது செடியின் படம் பற்றி.

சோதனைக்குழாய்:
யாரும் மட்டம் தட்டவில்லை ஐயா. கர்ப்பிணிக்குக் கடைசி மாதங்களில் காமாலை வந்தால், அது ஹெபடைடிஸ் ஈ என்றால், தாய் உயிருக்கே ஆபத்து. காமாலைக்காரர் பகலில் தூங்கி ராத்திரி விழித்திருந்தால், பேச்சு குழறினால், ஈறில் ரத்தம் வந்தால் மணிக்கணக்கு. அங்கே மூன்று நாள் பொறுக்க முடியாது. இதைத்தான் ஐந்தாவது ஸ்லைடில் எழுதினேன். இங்கே ஒருவர்கூட ஐந்தாவது ஸ்லைடைத் திறக்கவில்லை.

மலையோரம்:
நாலாவதைச் சரி செய்யாமல் ஐந்தாவதை ஏன் திறக்க வேண்டும்? எங்கள் தாத்தாவிடம் வந்தவர்களில் யாரும் சாகவில்லை.

சோதனைக்குழாய்:
குணமானவர் வெற்றிலை பாக்கோடு திரும்பி வந்து சொல்லியிருப்பார். குணமாகாதவர் தர்மபுரிக்கோ சேலத்துக்கோ போயிருப்பார். போனவர் என்ன ஆனார் என்று தாத்தாவுக்கு யார் வந்து சொல்லியிருப்பார்கள்? என் சித்தப்பாவுக்கு அரைத்துக் கொடுத்தவருக்கு இன்றைக்கு வரைக்கும் கல் விஷயம் தெரியாது.

மலையோரம்:
செத்துப்போன மனுஷனைப் பற்றிப் பேசாதீர்கள்.

சோதனைக்குழாய்:
அவரைப் பற்றி ஒரு தப்பான வார்த்தை நான் சொல்லவில்லை. ரத்தப் பரிசோதனை எட்டாத காலத்தில் கைக்கு எட்டியதைக் கொடுத்தார், காசு வாங்காமல் கொடுத்தார். இன்றைக்குக் கல்லீரல் டெஸ்ட் அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமல் எடுக்கலாம். அதை எடுத்துவிட்டு, வைரஸ் காமாலைதான் என்று தெரிந்த பிறகு டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கீழாநெல்லி மோர் குடிப்பவரோடு எனக்குச் சண்டை இல்லை.

மலையோரம்:
அப்படியென்றால் பச்சைக் கட்டம்தானே?

சோதனைக்குழாய்:
இல்லை. மேலாநெல்லிப் படத்தை எடுத்துவிட்டேன். கட்டம் சிவப்புதான்.

தாவரவியல் வாத்தியார்:
புதுப் படத்தைப் பார்த்தேன். இது கீழாநெல்லி இனம்தான், ஆனால் தண்டு சிவந்திருக்கிறது. சிவப்புக் கீழாநெல்லி வேறு.

அரூர் பாட்டி:
லைட்டில் பார்த்தேன் பாப்பா. வெளுப்புதான். காலை முதல் பஸ்ஸில் கிளம்புகிறோம்.