புதுப்பிப்பு: எங்கள் நாய் ஜிம்மிக்குக் கணைய அழற்சி

என் முந்தைய பதிவு: "நேத்து விருந்துல ஆட்டுக்கொழுப்பு தின்னுட்டா. விடாம வாந்தி. முன்னங்காலை நீட்டி நெஞ்சைத் தரையில வெச்சு, பின்பக்கத்தைத் தூக்கிட்டே நிக்கிறா. வெறும் அஜீரணமா?"

இல்லை. அப்படி நிற்பதே வயிற்றுவலிக்கான அடையாளம் என்றார் டாக்டர். ரத்தத்தில் கணைய லைபேஸ் அளவு ஏறியிருந்தது, ஸ்கேனில் கணையம் வீங்கியிருந்தது.

ஏன் இவ்வளவு வலி என்று கேட்டேன். குடலுக்குப் போன பிறகு வேலை செய்ய வேண்டிய செரிமான நொதிகள் கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டு அதையே அரிக்கின்றனவாம். சுற்றியுள்ள கொழுப்பும் வயிற்று உள்சவ்வும் சேர்ந்து வீங்குகின்றன.

டிரிப்ஸ், வாந்திக்கு மாரோபிடன்ட், வலிக்கு பியூப்ரநார்பின் ஊசி. ஆன்டிபயாடிக் கொடுக்கவில்லை, பெரும்பாலும் கிருமி காரணமில்லையாம்.

"மூணு நாள் பட்டினி போடுங்க" என்றிருந்தார் ஒரு அண்ணன். முன்பு அப்படித்தான் செய்தார்களாம். இப்போது வாந்தி அடங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாக உணவு தொடங்கிவிடுகிறார்கள். பட்டினியில் குடல்சுவர் பலவீனமாகும். தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியை வேகவைத்து, குழைந்த சோற்றோடு ஒரு ஸ்பூன் வைத்தோம். முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள், பிறகு நக்கினாள்.

பூனைக்கும் இதே உணவா என்று கேட்ட அக்காவுக்கு: பூனைக்கு இது பெரும்பாலும் கொழுப்பால் வருவதில்லை, வாந்தியே இல்லாமலும் போகலாம். சாப்பாட்டை நிறுத்தினாலே காட்டிவிடுங்கள். மனிதர்களுக்கான வலி மாத்திரை இரண்டுக்குமே வேண்டாம்.

கொழுப்பு குறைந்த உணவு ஆயுளுக்கும் வேண்டுமா என்பது இன்னும் தெரியவில்லை. வெறும் வயிற்றில் டிரைகிளிசரைடு பார்த்துவிட்டுச் சொல்வதாக டாக்டர் சொல்லியிருக்கிறார்.