சிருங்கேரியில் ‘தீர்த்தர்’ எப்படி? நான்கு மடங்களில் கண்டதும் இடித்ததும்

கொள்ளிடக்கரை:
ஆதிசங்கரர் நாலு திசையில் நாலு மடம் வைத்தார், துறவிகளைப் பத்துப் பெயரில் பிரித்தார், ஆறு சமயத்தை ஒழுங்குபடுத்தினார். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் இந்தப் பட்டியல்தான். சிருங்கேரி, பூரி, துவாரகை, ஜோஷிமடம் போனவர்களும் மூல நூலைப் புரட்டியவர்களும், அது எங்கே பொருந்துகிறது, எங்கே இடிக்கிறது என்று எழுதுங்களேன். பஸ் கிடைத்த கதை, ரூம் கிடைத்த கதை வேண்டாம்.

காலடி அடியார்:
இதில் இடிக்க என்ன இருக்கிறது? தெற்கே சிருங்கேரி, யஜுர் வேதம், ‘அஹம் பிரஹ்மாஸ்மி’. மேற்கே துவாரகை, சாம வேதம், ‘தத்வமஸி’. கிழக்கே பூரி, ரிக் வேதம், ‘பிரஜ்ஞானம் பிரஹ்ம’. வடக்கே ஜோஷிமடம், அதர்வ வேதம், ‘அயமாத்மா பிரஹ்ம’. எந்த மடத்துக்கு எது என்று வகுத்துச் சொல்லும் மடாம்னாயம் என்ற நூலில் அப்படியே இருக்கிறது. சிருங்கேரியில் துங்கைக் கரையில் நிற்கும் பெரிய கருங்கல் கோயில் சங்கரரின் சமாதிதான். பெயரே வித்யாசங்கரர் கோயில். இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

கல்லெழுத்து:
வேதமும் மகாவாக்கியமும் நீங்கள் சொன்னது சரி. கோயில் விஷயம் தவறு, ஆனால் அங்கே வரும் பாதிப்பேர் செய்யும் தவறுதான். வித்யாசங்கரர் என்பது வித்யாதீர்த்தரின் பெயர். 14ஆம் நூற்றாண்டில் சிருங்கேரி பீடத்தில் இருந்தவர். கோயில் அவர் நினைவாகக் கட்டியது. பன்னிரண்டு தூண்களில் ராசி உருவங்கள் இருக்கும் மண்டபம் என்றால் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஆதிசங்கரர் எங்கே சித்தியானார் என்பதற்குக் கேதார்நாத், காஞ்சி, திருச்சூர் என்று மூன்று ஊர் போட்டியில் இருக்கின்றன. சிருங்கேரி அந்தப் போட்டியிலேயே இல்லை.

ஊருக்குள்ளேயே ஒரு பார்சுவநாதர் பஸதி இருக்கிறது, 12ஆம் நூற்றாண்டுச் சமணக் கோயில். சாரதாம்பாள் சன்னிதியோடு திரும்பிவிடுகிறவர்கள் அதைப் பார்ப்பதில்லை. மடத்தைப் பற்றிக் கையில் பிடித்துக் காட்டக்கூடிய பழைய சான்று 1346ஆம் ஆண்டுக் கல்வெட்டு. விஜயநகரத்து முதலாம் ஹரிஹரனும் அவன் தம்பிமாரும் சிருங்கேரிக்கு வந்து வெற்றி விழா எடுத்து, பாரதீதீர்த்தருக்கும் அவரைச் சேர்ந்தவர்களுக்கும் நிலம் கொடுத்ததைச் சொல்கிறது. பத்து வருஷம் கழித்து, 1356இல், தம்பி புக்கன் வருகிறான். 1386இல் அப்போது பீடத்தில் இருந்த வித்யாரண்யர் மறைந்ததும் அவர் பெயரிலேயே அக்ரஹாரம் எழுகிறது. நாற்பதே வருஷம்தான். ஒரு சிறிய துறவிகள் கூட்டம், நிலமும் வரி வருமானமும் உள்ள நிறுவனமாக மாறுவதைக் கல்வெட்டை வரிசையாக வைத்தாலே பார்க்கலாம்.

சங்கரரின் காலத்தை 788 முதல் 820 வரை என்று பழைய கணக்கு சொல்லும். இன்றைய ஆய்வாளர் பலர் 8ஆம் நூற்றாண்டின் முற்பகுதி என்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் நடுவில் ஐந்நூறு வருஷத்துக்கு மேல் இடைவெளி.

காலடி அடியார்:
கல்வெட்டு இல்லை என்பதால் மடம் இல்லை என்றாகிவிடுமா? பர்ணசாலையில் இருக்கும் சன்னியாசிக்கு யார் கல்வெட்டு வெட்டுவார்கள்?

கல்லெழுத்து:
ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். குருவும் சீடர்களும் ஓரிடத்தில் தங்கிப் பாடம் நடத்துவது அன்றே இருந்திருக்கும். உபதேசஸாஹஸ்ரியில் சீடனை எப்படிச் சோதித்து எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்றே எழுதியிருக்கிறார். ஆனால் அதிலும், பிரம்ம சூத்திர பாஷ்யத்திலும், நேர்ச் சீடர்கள் பத்மபாதர், சுரேஸ்வரர் எழுதியவற்றிலும் நாலு மடம், எல்லைப் பங்கீடு என்ற பேச்சே கிடையாது. அந்தப் பங்கீடு மடாம்னாயத்தில்தான் வருகிறது.

சரி, அந்த மடாம்னாயத்தையே கையில் வைத்துக்கொண்டு ஒரு சோதனை செய்து பாருங்கள். பத்துப் பெயரை அது இப்படிப் பிரிக்கிறது: சிருங்கேரிக்கு ஸரஸ்வதி, பாரதி, புரி. துவாரகைக்குத் தீர்த்த, ஆசிரம. பூரிக்கு வன, அரண்ய. ஜோஷிமடத்துக்குக் கிரி, பர்வத, ஸாகர. இப்போது 14ஆம் நூற்றாண்டுச் சிருங்கேரியின் மூன்று பெரிய பெயர்களை எடுங்கள். வித்யாதீர்த்தர், பாரதீதீர்த்தர், வித்யாரண்யர். இரண்டு பேர் துவாரகைக்கான ‘தீர்த்த’, மூன்றாமவர் பூரிக்கான ‘அரண்ய’. நாமே நேரில் அறிந்த காலத்திலும் அப்படித்தான். 1954 முதல் 1989 வரை பீடத்தில் இருந்தவர் அபிநவ வித்யாதீர்த்தர். பூரியில் 1925 முதல் 1960 வரை இருந்த பாரதி கிருஷ்ண தீர்த்தர் திருநெல்வேலியில் பிறந்தவர். அவர் பெயர் ‘வன’விலும் முடியவில்லை, ‘அரண்ய’விலும் முடியவில்லை.

கொள்ளிடக்கரை:
அப்படியானால் பட்டியல் பொய்யா?

கல்லெழுத்து:
பொய் என்று சொல்ல மாட்டேன். இரண்டு தனித்தனி உலகத்தை ஒரே தாளில் எழுதிய பட்டியல் என்பேன். கும்பமேளாவுக்குப் போனால் கண்ணாலேயே பிரித்துப் பார்க்கலாம். கையில் தண்டம் பிடித்த சன்னியாசி பெயரைக் கேளுங்கள். தீர்த்த, ஆசிரம, ஸரஸ்வதி, சிலர் பாரதி, அவ்வளவோடு நின்றுவிடும். தண்டம் பிராமணருக்கு மட்டும் கொடுக்கும் வழக்கம். சங்கராச்சாரிய பீடங்களில் உட்காருவதும் இந்தத் தண்டிகள்தான். மறுபக்கம் ஜூனா, நிரஞ்சனி, மஹாநிர்வாணி என்ற அகாடாக்களின், அதாவது சாதுப் படைக்குழுக்களின், நாகா சாதுக்கள். அங்கே கிரி, புரி என்ற பெயர்கள்தான் நிறைய. தண்டம் இருக்காது. பல ஜாதியாரும் உண்டு, படை கட்டிச் சண்டை போட்டதும் வியாபாரம் செய்ததும் உண்டு. மடமும் அகாடாவும் வேறு வேறு வழியில் வளர்ந்தவை, பத்துப் பெயரும் ஒரே குடைக்கு வந்தது விஜயநகரக் காலத்துக்கும் பிறகு என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படுகிறது. எல்லோரும் ஏற்றுக்கொண்ட முடிவு என்று சொல்ல முடியாது.

அந்தக் குடைக்குச் சங்கரர் பெயர் எதற்கு என்றால், இரண்டு பக்கமும் குரு என்று வணங்கக்கூடிய ஒரே ஆள் அவர்தானே.

வல்லம்:
எங்கள் வீட்டுக் கேள்வி ஒன்று. பஞ்சாயதன பூஜைப் பெட்டியில் ஐந்து கல்லில் நாலுதான் இருக்கின்றன. சூரியனுக்கான ஸ்படிகம் காணோம். கடையில் வாங்கிய ஸ்படிகம் வைக்கலாமா? எந்தக் கல் எந்த மூலையில் என்பதும் இப்போது வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

பழைய ஏடு:
தலைப்பு அதுவல்ல, ஆனாலும் சொல்கிறேன், இதிலும் சங்கரர் பெயர் அடிபடுகிறதே. ஐந்து கல்லும் ஐந்து இடத்திலிருந்து. சிவனுக்கு நர்மதையின் பாணலிங்கம், விஷ்ணுவுக்குக் கண்டகியின் சாளக்கிராமம், பிள்ளையாருக்குச் சோணை நதியின் சிவப்புக் கல், அம்பாளுக்குக் காளத்திப் பக்கத்து ஸ்வர்ணமுகி ஆற்றுக் கல். சூரியனுக்கு ஸ்படிகம், அதுவும் தஞ்சாவூர் வல்லத்து ஸ்படிகம். ஊரை உங்கள் பெயராகவே வைத்துக்கொண்டு கல்லைக் கடையில் தேடுகிறீர்கள்!

வைக்கும் முறைக்குச் சுலோகம் உண்டு. எதை நடுவில் வைத்தாலும் வடகிழக்கில் ஆரம்பித்துத் தென்கிழக்கு, தென்மேற்கு, வடமேற்கு என்று சுற்ற வேண்டும். சிவன் நடுவில் என்றால் அந்த வரிசையில் விஷ்ணு, சூரியன், பிள்ளையார், அம்பாள். விஷ்ணு நடுவில் என்றால் சிவன், பிள்ளையார், சூரியன், அம்பாள். வழக்கமாக நடக்கும் பிசகு ஒன்று உண்டு. நடுக்கல்லை மட்டும் மாற்றிவிட்டு மற்ற மூன்றையும் பழைய இடத்திலேயே விட்டுவிடுவார்கள். மேலே பாருங்கள், விஷ்ணு நடுவுக்கு வந்தால் பிள்ளையாரும் சூரியனும் இடம் மாறுகிறார்கள். மாறாமல் இருப்பது வடமேற்கில் அம்பாள் மட்டும். மாற்றி வைத்தால் கேடு என்று சுலோகமே முடிகிறது.

காலடி அடியார்:
பார்த்தீர்களா, இதை ஏற்படுத்திய சங்கரர்தான் ஷண்மத ஸ்தாபனாச்சாரியார், ஆறு சமயத்தையும் நிலைநாட்டியவர்.

பழைய ஏடு:
அங்கேதான் நிதானிக்க வேண்டும். நடுவில் ஒரு கோயில், நாலு மூலையில் நாலு சிறு கோயில் என்ற அமைப்பு தேவகட் தசாவதாரக் கோயிலிலேயே இருக்கிறது. அது குப்தர் காலத்தது, சங்கரருக்கு முந்தியது. இன்னொன்று, பிரம்ம சூத்திர பாஷ்யம் இரண்டாம் அத்தியாயம் இரண்டாம் பாதத்தில் சைவரான பாசுபதரையும் வைணவரான பாஞ்சராத்திரரையும் வரிசையாக எடுத்துச் சங்கரர் மறுக்கிறார். பாஞ்சராத்திரத்தில் வழிபாட்டுப் பகுதி வரைக்கும் தடையில்லை, ஜீவன் வாசுதேவனிடமிருந்து பிறந்தது என்ற தத்துவம்தான் ஒத்துவராது என்கிறார். ஸ்மார்த்த வீடுகள் எந்தத் தெய்வத்தையும் நடுவில் வைத்துக்கொள்ளலாம் என்று பழகியதற்கு இந்த அத்வைதம் வசதியாக இருந்தது, அது உண்மை. பெட்டியையும் கல்லையும் அவரே கொடுத்தார் என்பதற்கு அவர் எழுத்தில் இடமில்லை.

அலகநந்தா:
வடக்கைப் பற்றி யாரும் எழுதவில்லை. ஜோஷிமடத்துப் பீடம் 1776இல் காலியானது. 1941 வரை, 165 வருஷம், ஆளே இல்லை. அதே காலத்தில் பத்ரிநாத் கோயில் பூஜை நிற்கவில்லை. ராவல் என்ற தலைமை அர்ச்சகராகக் கேரளத்து நம்பூதிரி நடத்தினார், இன்றும் நம்பூதிரிதான் ராவல். கோயிலுக்கு யாத்ரீகர் காணிக்கையும் கட்வால் அரசர் ஆதரவும் இருந்தன. பீடத்துக்கு அடுத்த சன்னியாசி இல்லை. பீடாதிபதி தன் காலத்திலேயே ஒரு பிரம்மசாரியைத் தேர்ந்து சன்னியாசம் கொடுத்துவிட்டால்தான் சங்கிலி அறாது. சிருங்கேரியில் 2015 ஜனவரியில் நடந்தது அதுதான். 1941இல் ஜோஷிமடத்தில் அமர்ந்தவர் பிரம்மானந்த ஸரஸ்வதி. கல்லெழுத்து ஐயாவின் சோதனையை இவரிடமும் போட்டுப் பாருங்கள். கிரியும் இல்லை, பர்வதமும் இல்லை, ஸாகரமும் இல்லை. 1953இல் அவர் மறைந்ததும் வாரிசு யார் என்ற வழக்கு ஆரம்பித்தது.

கொள்ளிடக்கரை:
வழக்கு என்றால் எங்கள் பக்கத்திலும் உண்டு. திருவானைக்காவில் அகிலாண்டேஸ்வரியின் காதணியான தாடங்கத்தைப் புதுப்பித்துச் சாத்தும் உரிமை யாருக்கு என்று 1840களில் சிருங்கேரிக்கும் அப்போது கும்பகோணத்தில் இருந்த காஞ்சி மடத்துக்கும் திருச்சி நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. நாலு மடத்தோடு காஞ்சியைச் சேர்த்து ஐந்து என்று எண்ணுவதா கூடாதா என்ற சண்டையும் அதற்குள் இருந்தது.

காலடி அடியார்:
காஞ்சியை இழுத்தால் இந்தத் திரி முடியாது.

வல்லம்:
பழைய ஏடு ஐயா, கல் கிடைத்துவிட்டது. பூஜை அறை அலமாரிக்குப் பின்னால் விழுந்திருந்தது. இன்னொரு சந்தேகம். எங்கள் பூஜை அறை மேற்கே பார்த்திருக்கிறது. வடகிழக்கு என்பது காந்தத் திசையா, பூஜை செய்கிறவருக்கும் தெய்வத்துக்கும் நடுவிலிருப்பதைக் கிழக்கு என்று வைத்துக்கொள்ளும் கணக்கா?

பழைய ஏடு:
இரண்டு வழக்கமும் உண்டு. உங்கள் வீட்டில் முன்பு எதைச் செய்தார்கள் என்று பெட்டியின் அடிப்பலகையைப் பாருங்கள். பல வருஷம் சந்தன நீர் பட்ட இடத்தில் ஒவ்வொரு கல்லுக்கும் தனித்தனி வட்டக் கறை இருக்கும். சாளக்கிராமத்தின் கறை எந்த மூலையில் விழுந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.