மெர்ஜ், லிங்க் இரண்டுக்கும் ஒரே ‘இணை’யா?

கயல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். முகவரிப் புத்தகச் செயலி ஒன்றின் தமிழ் இடைமுகத்தைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன். கைபேசியையும் கணினியையும் ஒத்திசைத்த பிறகு ஒரே ஆள் இரண்டு மூன்று முறை வந்துவிடுகிறார் அல்லவா, அதைச் சரிசெய்யும் பக்கத்தில்தான் சிக்கல். அங்கே `Merge` என்றொரு பொத்தான், `Link` என்றொரு பொத்தான். முன்பு மொழிபெயர்த்தவர் இரண்டுக்குமே "இணை" என்று போட்டிருக்கிறார். போதாததற்கு, படம் சேர்க்கிற `Attach` பொத்தானும் "இணை"தான். `Duplicate` என்பதற்கு "நகல்" இருக்கிறது, அதுவும் எனக்கு உறுத்துகிறது.

என் யோசனை: நகலுக்குப் பதில் "மறுபதிவு", மெர்ஜுக்கு "ஒன்றிணை", லிங்குக்கு "இணை" அப்படியே இருக்கட்டும். சரிதானா?

பரணி எழுதியது:

> போதாததற்கு, படம் சேர்க்கிற `Attach` பொத்தானும் "இணை"தான்

அதை மட்டும் மாற்றினால் போதும் என்பேன். என் கைபேசியில் இரண்டையும் அழுத்திப் பார்த்திருக்கிறேன், எதை அழுத்தினாலும் பட்டியலில் ஒரே பெயர்தான் மிஞ்சுகிறது. செயல் ஒன்றாக இருக்கும்போது சொல் எதற்கு இரண்டு? "நகல்" எல்லோருக்கும் புரிகிற சொல், ஒன்று மூலம், இன்னொன்று நகல், நகலை அழித்துவிட வேண்டியதுதானே.

சேந்தன் எழுதியது:

பரணி, திரையில் ஒரே பெயர்தான் மிஞ்சுகிறது என்பது உண்மை. ஆனால் அடியில் நடப்பது ஒன்றல்ல. ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு கணக்கிலிருந்து வரும் பதிவும் தனித்தனியாகவே கிடக்கிறது, நீங்கள் பட்டியலில் பார்க்கும் ஆள் அந்தப் பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டும் ஒரு முகப்பு மட்டுமே. லிங்க் செய்தால் இந்த அடுக்குதான் மாறும். பதிவுகள் இரண்டும் அப்படியே இருக்கும், வேண்டாம் என்றால் பிரித்துக்கொள்ளலாம். கணினியில் திறந்தால் அதே ஆள் இன்னும் இரண்டு முறை நிற்பார், ஏனென்றால் அந்த அடுக்கு கைபேசிக்குள்ளேயே இருப்பது, சேவையகத்துக்குப் போவதில்லை. மெர்ஜ் என்றால் ஒரு பதிவு மற்றதை விழுங்கிவிட்டு, விழுங்கப்பட்டது அழிக்கப்படுகிறது, அந்த அழிப்பு எல்லாக் கருவிகளுக்கும் போகும். ஒன்று திரும்பி வரக்கூடியது, இன்னொன்று வராதது. இதற்கு ஒரே சொல்லைப் போட்டால் பயனருக்கு நாம் குழி தோண்டுகிறோம் என்று அர்த்தம்.

"நகல்" பற்றி. நகல் என்றால் மூலம் ஒன்று இருக்க வேண்டும். போன வாரம் நான் பிரித்துப் பார்த்த ஒரு கோப்பிலிருந்து இரண்டு பதிவுகள், எண்ணையும் அடையாளத்தையும் மாற்றியிருக்கிறேன்:

```
UID:a81f
FN:கொற்றவை
TEL;TYPE=CELL:+12025550142

UID:c304
FN:கொற்றவை
TEL;TYPE=HOME:2025550142
NOTE:மாலையில் மட்டும் அழைக்கவும்
```

இதில் எது மூலம்? முதலாவதில் எண் முழுமையாக இருக்கிறது, இரண்டாவதில் குறிப்பு இருக்கிறது. "நகலை அழி" என்று கேட்டால் நீங்கள் எதை அழிப்பீர்கள்? எதை அழித்தாலும் ஏதோ ஒன்று போகும்.

இது ஏன் இரண்டானது என்பதையும் சொல்லிவிடுகிறேன், சொல் தேர்வுக்கு உதவும். கணினியிலிருந்து ஒரு `.vcf` கோப்பை ஏற்றுமதி செய்து கைபேசியில் இறக்கியிருக்கிறார்கள். அந்தக் கோப்பில் `UID` வரியே இல்லை. அது இல்லாததால் கைபேசி ஒவ்வொரு பதிவையும் புது ஆளாக எண்ணிப் புது அடையாளம் கொடுத்தது. பிறகு ஒத்திசைவு ஓடியபோது சேவையகமும் இரண்டு வெவ்வேறு அடையாளங்களைப் பார்த்து, இருவர் என்றே எடுத்துக்கொண்டது. ஒத்திசைவு பெயரைப் பார்ப்பதில்லை, எண்ணையும் பார்ப்பதில்லை, அடையாளத்தை மட்டுமே பார்க்கிறது. யாருக்காவது சந்தேகம் இருந்தால் மொத்தப் பட்டியலையும் ஒரே கோப்பாக எடுத்துக்கொண்டு இதைத் தட்டிப் பாருங்கள்:

```
grep -c '^BEGIN:VCARD' all.vcf
grep '^UID' all.vcf | sort | uniq -d
```

முதல் வரி மொத்தப் பதிவுகளை எண்ணும். இரண்டாவது ஒன்றுமே காட்டாமல், பட்டியலில் மட்டும் பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தால், உங்களுக்கும் இதே கதைதான்.

மல்லிகா எழுதியது:

எனக்கும் இதே தொல்லை. சிம் அட்டையில் இருந்ததைக் கைபேசிக்கு நகலெடுத்தேன், எல்லாம் இரண்டாகிவிட்டது, சிம்மிலிருந்து வந்ததில் பெயர் பாதியில் வெட்டுப்பட்டு வேறு நிற்கிறது. ஒத்திசைவை நிறுத்தினால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொன்னார். கணக்கையே கைபேசியிலிருந்து எடுத்துவிட்டேன். இரட்டைகள் போய்விட்டன. ஆனால் பாதிப் பேரின் மின்னஞ்சல் முகவரியும் காணோம்! இதைத் தமிழில் என்ன சொல்வது என்று கேட்கிறீர்களா, "பறிபோனது" என்று சொல்லலாம்.

சேந்தன் எழுதியது:

மல்லிகா அக்கா, பதறாதீர்கள். கணக்கை எடுத்தால் அந்தக் கணக்கின் பதிவுகள் கைபேசியில் மட்டும்தான் மறையும், சேவையகத்தில் இருக்கும். கணக்கைத் திரும்பச் சேர்த்தால் மின்னஞ்சல் முகவரிகள் வந்துவிடும், கூடவே இரட்டைகளும் வந்துவிடும். சிம் பதிவில் பெயருக்கு இடம் மிகக் குறைவு, தமிழ் எழுத்துக்கு இன்னும் குறைவு, அதனால்தான் வெட்டுப்பட்ட பெயர். அந்தக் கூட்டத்தைக் கூச்சமில்லாமல் அழிக்கலாம், ஆனால் எண் ஒவ்வொன்றும் மற்ற பதிவில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு.

பரணி எழுதியது:

சரி, லிங்க் வேறு மெர்ஜ் வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கொற்றவை இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதே. பெயரை ஒப்பிட்டே செயலி தானாகக் கண்டுபிடித்திருக்கலாமே?

சேந்தன் எழுதியது:

இங்கேதான் தமிழுக்கே உரிய ஒரு கண்ணி இருக்கிறது. உங்கள் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகிறது. மூலக் கோப்பில் முதல் கொற்றவைக்கு 7 குறியெண்கள், இரண்டாவதற்கு 8. "கொ" எழுத்தில் வரும் ஒகரக் குறியை U+0BCA என்று ஒரே குறியெண்ணாகவும் வைக்கலாம், முன்னால் வரும் ஒற்றைக்கொம்பு U+0BC6, பின்னால் வரும் கால் U+0BBE என்று இரண்டாகவும் வைக்கலாம். யூனிகோடு தரப்படி இரண்டும் சமம். ஆனால் ஒப்பிடுகிற நிரல், இரண்டையும் முதலில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராமல் பைட்டுகளை அப்படியே பார்த்தால் வேறு வேறு பெயர் என்றுதான் சொல்லும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பட்டியல்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். கொற்றவை, தோழன், கௌரி எல்லாம் இரண்டாக நிற்பார்கள், கண்ணன் மட்டும் ஒழுங்காக ஒன்றாகிவிடுவார். அப்படி ஒரு பட்டியலைப் பார்த்தால் காரணம் இதுதான் என்று சந்தேகப்படலாம்.

```
uconv -x any-nfc all.vcf > clean.vcf
```

ஒரு எச்சரிக்கை. பெயரை மட்டும் வைத்துத் தானாக ஒன்றாக்கக் கூடாது. ஒரே பெயரில் இரண்டு ஆட்கள் இருப்பார்கள். எண்ணை மட்டும் வைத்தும் கூடாது, ஒரு வீட்டு எண்ணை அப்பாவும் மகளும் பகிர்ந்திருப்பார்கள். இரண்டும் பொருந்தினால் ஒன்றாக்கு, ஒன்று மட்டும் பொருந்தினால் மனிதரிடம் கேள் என்பதுதான் என் கட்சி. எண்ணை ஒப்பிடும்போது இடைவெளி, கோடு, நாட்டுக் குறியீடு ஆகியவற்றைச் சமப்படுத்திவிட்டுத்தான்.

துரை எழுதியது:

பிள்ளைகளே, நுட்பம் எனக்குப் பாதிதான் பிடிபட்டது. சொல்லுக்கு வருகிறேன். விழுங்கி ஒன்றாகிவிடுவதற்கு "ஒன்றிணை" போதாது, அதிலும் "இணை" ஒட்டிக்கொண்டிருக்கிறது, பயனர் இரண்டு பொத்தானையும் குழப்பிக்கொள்வார். "ஒன்றாக்கு" என்று நேராகவே சொல்லலாம். "கல" என்று நினைத்தேன், அது தேநீர்க் கடை வேலை போல இருக்கிறது. இலக்கணக்காரனாக எனக்கு முதலில் தோன்றியது "புணர்", அதை இடைமுகத்தில் போட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

லிங்குக்குச் சேந்தன் சொன்னதைக் கேட்டதும் பூ நினைவுக்கு வந்தது. நாரில் கோத்தால் பூ பூவாகவே இருக்கும், பார்க்க ஒரே சரம். உருவினால் தனித்தனி. ஆகவே "கோத்துவை". "பிணை" என்று யாராவது சொல்வார்கள், அதற்கு நீதிமன்ற வாசம் அடிக்கிறது.

கயல் எழுதியது:

துரை ஐயா, "ஒன்றாக்கு" எனக்கு மிகப் பிடித்தது, எடுத்துக்கொள்கிறேன். `Unlink` பொத்தானுக்கு "உருவு" என்று போட முடியாதே என்பதுதான் "கோத்துவை"யில் என் தயக்கம். "பிரி" என்று வைக்கலாமா?

இன்னொன்று. "ஒன்றாக்கு" அழுத்தியதும் வரும் எச்சரிக்கை வாசகத்தையும் திருத்த வேண்டும். ஒன்றாக்கிய பிறகும் இரட்டை திரும்ப முளைக்கிறது என்று சோதிப்பவர்கள் புகார் சொல்கிறார்கள். அது ஏன்?

சேந்தன் எழுதியது:

பெரும்பாலும் இப்படித்தான். கணினியில் c304-ஐ a81f-க்குள் சேர்த்துவிட்டு c304-ஐ அழிக்கிறீர்கள். அதற்குள் இணையம் இல்லாத நேரத்தில் கைபேசியில் யாரோ c304-ல் ஓர் எண்ணைத் திருத்தியிருக்கிறார்கள். கைபேசி வலைக்கு வந்ததும் அந்தத் திருத்தத்தை மேலே அனுப்புகிறது. அப்படி ஒரு பதிவே இல்லை என்று சேவையகம் 412 பிழையைத் திருப்பித் தருகிறது. உடனே சில செயலிகள், சரி புதிதாகவே போட்டுவிடுவோம் என்று அதை உயிர்ப்பித்துவிடுகின்றன. திருத்தம் தொலையக் கூடாது என்கிற நல்லெண்ணம்தான், ஆனால் பேய் திரும்ப வந்துவிடுகிறது.

ஆகவே நான் செய்வது: முதலில் எல்லாக் கருவிகளையும் திறந்து ஒத்திசைவு முடியும்வரை காத்திருப்பேன். ஒரு `.vcf` கோப்பைத் தனியாக எடுத்து வைப்பேன். கைபேசியில் அந்தக் கணக்கின் ஒத்திசைவை மட்டும் அணைத்துவிட்டு, கணினியில் மட்டும் ஒன்றாக்குவேன். வைத்துக்கொள்ளும் பதிவை முதலில் எழுதிச் சேமித்துவிட்டுத்தான் மற்றதை அழிப்பது, நடுவில் இணைப்பு அறுந்தாலும் ஓர் இரட்டை மிஞ்சுமே தவிர ஆள் தொலைய மாட்டார். பிறகு கைபேசியின் ஒத்திசைவைத் திறந்துவிட்டு, இரு பக்கமும் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பார்ப்பேன். படம் மட்டும் எப்போதும் கைவிடும், இரண்டு பதிவிலும் படம் இருந்தால் ஒன்றுதான் மிஞ்சும், குறிப்புகளைப் போல ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்ட முடியாது.

எச்சரிக்கைக்கு: "இரண்டு பதிவுகளும் ஒன்றாகும். மற்றது எல்லாக் கருவிகளிலிருந்தும் அழிக்கப்படும்." இரண்டாவது வாக்கியத்தை வெட்டாதீர்கள்.

பரணி எழுதியது:

"மறுபதிவு" மட்டும் எனக்கு ஒட்டவில்லை. தொலைந்துபோன கணக்கை மறுபடி பதிவு செய்வது போல இருக்கிறது. மல்லிகா அக்கா கேட்காமலேயே "இரட்டைகள்" என்று எழுதினார், கவனித்தீர்களா?

துரை எழுதியது:

கவனித்தேன். மூன்றாக வந்தால் என்ன செய்வீர்கள்?

மல்லிகா எழுதியது:

எனக்கு மூன்றாகவும் வந்திருக்கிறது, அப்போதும் இரட்டை என்றுதான் திட்டினேன்.

கயல் எழுதியது:

"ஒன்றாக்கு" முடிவு. இன்றிரவு சோதனைப் பதிப்பில் "கோத்துவை", "பிரி", "இரட்டைப் பதிவு" மூன்றையும் போட்டு விடுகிறேன். சிறிய திரையில் "கோத்துவை" பொத்தானுக்குள் அடங்குகிறதா என்று நாளை சொல்கிறேன்.