நண்பனிடம் கடனுக்கு எழுதி வாங்குவது எப்படி?

நான் கம்பம். நண்பன் மலைக்கு மேலே குமுளியில் இருக்கிறான், பள்ளிக்கூடத்தில் இருந்தே பழக்கம். 2023 ஜூனில் ஏலத்தோட்டக் குத்தகைக்கு என்று ஒன்றரை லட்சம் கேட்டான். வங்கி வழியாக அனுப்பினேன். நோட்டு எதுவும் எழுதவில்லை, எப்போது தருவான் என்றும் பேசவில்லை. மறு வருடம் 20,000 ஜிபேயில் வந்தது. அதோடு சரி.

போனில் கேட்டேன், நேரில் போனேன், "காய் விற்றதும் தருகிறேன்" என்றான். கடைசியில் அவன் அண்ணனிடம் சொன்னேன். அது தப்பாகிவிட்டது. மகள் காதுகுத்துக்குக்கூட அவன் என்னைக் கூப்பிடவில்லை. பணத்தைவிட அதுதான் வலிக்கிறது.

வருகிற ஜூனில் மூன்று வருடம் முடிகிறது. அதற்குப் பிறகு வழக்குப் போட முடியாது என்கிறார் வக்கீல். 20,000 வந்ததால் மட்டும் கெடு நீளாதாம். அதற்குள் பாக்கியை ஒத்துக்கொண்டு அவன் கையெழுத்துப் போட்டுத் தந்தால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருடம் கிடைக்குமாம். எனக்கும் அவசரம் இல்லை, அவகாசம் தரத் தயார்.

நண்பரிடம் இப்படி எழுதி வாங்கியவர்கள் சொல்லுங்கள்: மிரட்டலாகத் தோன்றாமல் அந்தப் பேச்சை எப்படி எடுத்தீர்கள்?