20 ஏறி, 25 இறங்கி, 10 ஏறினால் 5 வரவில்லை: உங்களுக்கும் நடந்ததா?

கெடிலக்கரை

மூன்று வருடம் ஆகியும் அந்த மஞ்சக்குப்பம் வீட்டுத் திண்ணை மனசை விட்டுப் போகவில்லை. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவரின் முதலீட்டுக்கு மூன்று மாத அறிக்கை நான்தான் தயாரித்தேன். முதல் மாதம் 20 ஏற்றம், அடுத்த மாதம் 25 இறக்கம், மூன்றாவது மாதம் 10 ஏற்றம். எக்செல்லில் மூன்றையும் SUM போட்டு "மொத்தம் 5 சதவீதம் லாபம்" என்று அடித்துக் கொடுத்துவிட்டேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, என் அறிக்கையின் பின்பக்கத்திலேயே பேனாவால் எழுதினார். 1,00,000. அதன் கீழே 1,20,000. அதன் கீழே 90,000. கடைசியில் 99,000. "தம்பி, லாபம்னு போட்டிருக்கீங்க. கையில ஆயிரம் ரூபாய் குறையுதே?" கோபமே இல்லாமல் கேட்டார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

20 என்பது ஒரு லட்சத்தின் மேல் போட்ட 20. 25 என்பது ஒரு லட்சத்து இருபதாயிரத்தின் மேல் போட்ட 25. 10 என்பது தொண்ணூறாயிரத்தின் மேல். மூன்றுக்கும் அடி வேறு வேறு, அவற்றை எப்படிக் கூட்டுவது? பணம் உண்மையில் 1.20, 0.75, 1.10 என்று பெருகித்தான் போயிருக்கிறது. பெருக்கலைக் கூட்டலாக்குவது லாக்தான். அன்றிரவு வீட்டில் போட்டுப் பார்த்தேன்: 0.1823, −0.2877, 0.0953. கூட்டினால் −0.01005. EXP போட்டால் 0.99, அதாவது அவர் எழுதிய அதே 99,000. லாக்கில் 120-ஐ 100-ஆல் வகுத்ததும், 90-ஐ 120-ஆல் வகுத்ததும், 99-ஐ 90-ஆல் வகுத்ததும் கூடும்போது நடுவில் உள்ள 120-ம் 90-ம் அடிபட்டுப் போகின்றன. முதல் விலையும் கடைசி விலையும்தான் மிச்சம்.

உங்களுக்கு இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

சில்வர் பீச்

அண்ணா, அந்த ஆயிரம் ரூபாய் கட்டணமாகப் போயிருக்கும். எனக்கும் இப்படித்தான், மாதாமாதம் 5,000 போட்டு வந்தேன், அவர்கள் காட்டிய சதவீதமும் என் கையில் இருந்த பணமும் ஒத்தே வரவில்லை. வாத்தியாரிடம் சொல்லி ஒவ்வொரு மாதமும் என்ன பிடித்தம் என்று எழுதி வாங்கச் சொல்லுங்கள். நுழைவில் எவ்வளவு, வெளியேறும்போது எவ்வளவு, வருடத்துக்கு எவ்வளவு என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் வாங்க வேண்டும். நேரடித் திட்டமா, முகவர் மூலமா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். நான் ஒரு நோட்டே போட்டு வைத்திருக்கிறேன்.

வில்லியனூர்

சில்வர் பீச், இதில் கட்டணத்துக்கு வேலையே இல்லை. ஒரு பைசா பிடிக்காவிட்டாலும் 1.20 × 0.75 × 1.10 என்பது 0.99தான்.

என் அனுபவம்: எங்கள் டீமில் புதிதாக வந்த பையன் தினசரிக் கணக்கில் சதவீதத்தையே கூட்டியிருந்தான். "ஒரு சதவீதத்துக்கு லாக் 0.00995, வித்தியாசமே இல்லை சார்" என்றான். ஒரு நாளைக்கு அது சரி. அவனை உட்கார வைத்து, ஒரு நாள் 1 ஏற்றம், மறுநாள் 1 இறக்கம் என்று 250 நாள் ஓட்டச் சொன்னேன். கூட்டல் பூஜ்யம். விலை 100-இல் ஆரம்பித்து 98.76-இல் நின்றது. திரையையே பார்த்துக்கொண்டிருந்தான், அப்புறம் ஒன்றும் பேசவில்லை.

அன்றிலிருந்து எங்கள் ஷீட்டில் எல்லா இடத்திலும் லாக்தான். சாதாரணச் சதவீதத்தைத் தூக்கியே போட்டுவிடுங்கள்.

உப்பளம்

வில்லியனூர் சார், பையனுக்கு நீங்கள் காட்டியது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் "எல்லா இடத்திலும்" என்பதைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அந்த வார்த்தையால் நான் பட்டிருக்கிறேன்.

இரண்டு பங்குகள், பாதிப் பாதிப் பணம். வருடத்தில் ஒன்று 100-இலிருந்து 200 ஆனது, இன்னொன்று 100-இலிருந்து 50 ஆனது. லாக்கில் 0.693, −0.693. சராசரி எடுத்துப் "போர்ட்ஃபோலியோ அசையவே இல்லை" என்று கூட்டத்தில் சொன்னேன். எங்கள் மேலாளர் கால்குலேட்டரைக்கூட எடுக்கவில்லை. "200-ம் 50-ம் 250. போட்டது 200. அசையலையாம்மா?" என்று மட்டும் கேட்டார். 25 சதவீத லாபத்தை நான் பூஜ்யம் என்று சொல்லியிருக்கிறேன்.

காலத்தின் வழியாகப் பணம் பெருகுகிறது, அதனால் அங்கே லாக் கூடும். ஒரே நாளில் பல பங்குகளில் இருக்கும் ரூபாய்கள் ஒன்றோடொன்று பெருகுவதில்லை, கூடுகின்றன. அங்கே சாதாரணச் சதவீதத்தை எடையோடு கூட்டினால்தான் சரியாக வரும். இப்போது நான் முதலில் அன்றன்றைக்குப் பங்குகளைச் சாதாரணச் சதவீதத்தில் சேர்க்கிறேன். கிடைத்த ஒற்றை எண்ணில் 1 கூட்டி LN போடுகிறேன். நாட்களைக் கூட்டுவது அதற்கப்புறம்தான். வரிசை மாறினால் தப்பு.

இன்னொன்று, லாக் எண்ணை அப்படியே சதவீதக் குறி போட்டு வாடிக்கையாளருக்கு அனுப்பாதீர்கள். 70 சதவீதம் விழுந்த பங்குக்கு லாக் −1.204. "120 சதவீத நஷ்டமா, நான் இன்னும் பணம் கட்டணுமா?" என்று லாஸ்பேட்டையிலிருந்து ஒரு அம்மா பதறிப்போய் போன் செய்தார்.

திருப்பாப்புலியூர்

என்னுடையது சின்ன விஷயம், ஆனால் இரண்டு நாள் தின்றது. கெடிலக்கரை சொன்ன மாதிரியே லாக் போட்டேன், கூட்டினேன், திருப்பினேன். 1 சதவீத நஷ்டம் வர வேண்டிய இடத்தில் 0.44 வந்தது. கூட்டல் சரி, விலை சரி. கடைசியில் பார்த்தால் எக்செல்லில் LN-க்குப் பதில் LOG அடித்திருக்கிறேன். அது 10-ஐ அடியாக எடுக்கும். கூட்டல் அதிலும் கூடும், அதனால்தான் சந்தேகமே வரவில்லை. திருப்பும்போது மட்டும் EXP போட்டது தப்பு. விலை B2 முதல் B5 வரை இருந்தால் C3 முதல் C5 வரை முதல் வரி, அதன் கீழே இரண்டாவது:

```
=LN(B3/B2)
=EXP(SUM(C3:C5))-1
```

பக்கத்தில் கடைசி விலையை முதல் விலையால் வகுத்து 1 கழித்து வையுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எங்கேயோ பிசகு.

வில்லியனூர்

உப்பளம் மேடம், ஒத்துக்கொள்கிறேன், நாளைக்கே ஷீட்டைத் திறந்து பார்க்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. தினமும் பாதிப் பாதி என்று எடை போட்டால், நாம் தினமும் விற்று வாங்கிச் சமப்படுத்தியதாகத்தானே ஆகும்? எங்கள் வாடிக்கையாளர்கள் வாங்கிப்போட்டுத் தொடவே மாட்டார்கள்.

உப்பளம்

ஆமாம், அப்படித்தான் ஆகும். தொடாத போர்ட்ஃபோலியோவுக்கு எடை தினமும் நகரும். ஏறிய பங்கின் எடை கூடிக்கொண்டே போகும், அன்றைய தொடக்க மதிப்பிலிருந்து எடுக்க வேண்டும். மொத்த மதிப்பு கையில் இருந்தால் எடையே வேண்டாம், மொத்தத்துக்கே நேராக LN போடலாம். எடை மட்டும் அனுப்பும் இடங்களில் என்ன செய்வது என்று எங்கள் அலுவலகத்திலேயே இன்னும் ஒரு முடிவு இல்லை.

சில்வர் பீச்

அப்போது என் மாதாந்திரப் பணத்துக்கும் லாக் போட்டால் சரியாகிவிடுமா?

கெடிலக்கரை

இல்லை தம்பி. நடுவில் நீங்கள் பணம் போடுகிறீர்கள் இல்லையா, அதனால் மொத்தத்தின் ஏற்றத்தில் உங்கள் 5,000-மும் கலந்துவிடும். லாக் அதைப் பிரித்துக் காட்டாது. தேதியும் தொகையும் இருந்தால் XIRR போட்டுப் பாருங்கள், அது உங்கள் பணத்துக்கு வருட வீதம் சொல்லும். அந்த நோட்டில் தேதி எழுதியிருக்கிறீர்களா?

வாத்தியாருக்கு அடுத்த மாதமே திருத்திய அறிக்கையை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். லாக் வரிசையை அவரே பேனாவால் கூட்டிப் பார்த்தார். "நடுவுல இருக்கிறது அடிபடுது, பாருங்க" என்று எனக்கே காட்டினார். பின்பக்கத்தில் அவர் எழுதிய பழைய தாளை நான் கேட்டு வாங்கி வந்துவிட்டேன்.