லேபிள் இல்லாத பயணச் சாப்பாட்டுத் தட்டு: ஒவ்வொரு குழியிலும் கார்ப் எவ்வளவுன்னு எப்படிக் கணக்குப் போட்டீங்க?

நிலாஅம்மா:
மகளுக்கு ஒன்பது வயசு, டைப் 1 சுகர். ஒரு யூனிட் இன்சுலினுக்கு 15 கிராம் கார்ப்னு கணக்கு. விமானத்தில் தட்டு வந்தது. தண்ணீர்க் கோப்பை, வெண்ணெய்ப் பொட்டலம் ரெண்டைத் தவிர எதிலும் எழுத்தே இல்லை. சோறு 25, பன் 20ன்னு போட்டேன். மூலையில் ஒரு சின்னக் குழியில் வெள்ளையா, கெட்டியா ஒண்ணு இருந்தது. தயிரா, புட்டிங்கா, உருளைக்கிழங்கு மசியலா? தயிர்னா 4 கிராம், புட்டிங்னா 18 இருக்கும். பணிப்பெண்ணைக் கேட்டேன், "இனிப்புன்னு நினைக்கிறேன்"ன்னு சொன்னாங்க. நுனி விரலால் தொட்டு ருசி பார்த்தேன், லேசா இனிப்பு. 15ன்னு வச்சு மொத்தம் 60, நாலு யூனிட் கொடுத்தாச்சு.

அவள் அந்த வெள்ளையை வழிச்சுச் சாப்பிட்டாள், பன்னையும் சாப்பிட்டாள். அப்புறம் சோற்றுக் குழியை என் பக்கம் தள்ளிட்டு "வேணாம்மா"ன்னுட்டாள். அந்தத் தள்ளல்தான் இன்னும் கண்ணில் நிக்குது. உள்ளே போன இன்சுலினை வெளியே எடுக்க முடியுமா? ஜூஸ் கொடுத்தும் சென்சார் 78 வரைக்கும் கீழே போயிட்டுத்தான் திரும்பிச்சு. என் கணக்கில் எந்தக் குழி இடிக்குதுன்னு தெரியணும். நீங்க எல்லாம் எப்படிப் பண்றீங்க?

வழிப்போக்கன்:
சகோதரி, பேங்க் கார்டு வச்சு அளங்க. எல்லாக் கார்டும் ஒரே அளவு, 8.5 சென்டிமீட்டருக்கு 5.4. என் தட்டில் சோற்றுக் குழி சரியா கார்டு அளவு, ஆழம் மூணு சென்டிமீட்டர். பெருக்கினா கிட்டத்தட்ட 140. அதாவது 140 கிராம் சோறு. வெந்த சோற்றில் நூற்றுக்கு 28 கிராம் கார்ப், ஆக 39. நீங்க 25ன்னு போட்டதே குறைச்சல்.

பழையபேனா:
நிலாஅம்மா, முதலில் வழிப்போக்கன் தம்பி கணக்கைச் சரிபண்ணிடறேன். இல்லாட்டா அதைப் பார்த்து யாராவது ஊசி போட்டுடுவாங்க. கார்டால் அளக்கிறது நல்ல யோசனைதான். ஆனால் அந்தக் கிண்ணங்களின் சுவர் நேராக நிற்பதில்லை, அடிப்பக்கம் குறுகிப் போகும். மேல்வாய் அளவை வச்சுப் பெருக்கினால் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வரும். 140ஐ 112ன்னு வச்சுக்கோங்க. அதுவும் மில்லிலிட்டர்தான், கிராம் இல்லை. சோற்றுப் பருக்கைகளுக்கு நடுவே காற்று இருக்கு. அமுக்காத சோறு 100 மில்லிக்கு 75 கிராம் பக்கம்தான் நிக்கும். அப்போ 84 கிராம் சோறு, கார்ப் 23, 24. தம்பி சொன்ன 39க்கும் இதுக்கும் 15 கிராம் வித்தியாசம். உங்க மகளுக்கு அது முழுசா ஒரு யூனிட். உங்க 25 சரியான கணிப்பு, அதை மாத்தாதீங்க.

நான் கார்டுகூட எடுக்கிறதில்லை. உங்க தட்டிலேயே எழுத்து உள்ள ஒரு பாத்திரம் இருந்ததே, அந்தத் தண்ணீர்க் கோப்பை. 200 மில்லின்னு போட்டிருக்கும். தண்ணீரைக் குடிச்சுட்டு, சோற்றைக் கரண்டியால் அதில் அள்ளிப் போடுங்க, அமுக்க வேண்டாம். பாதிக் கோப்பை வந்தால் 75 கிராம், கார்ப் 21. குழியின் வடிவத்தைப் பத்தின கவலையே இல்லை. இன்னொரு லாபம், சோற்றுக்கு அடியில் காய் ஒளிஞ்சிருந்தாலும், மேலே மட்டும் சோறு பரப்பியிருந்தாலும் அள்ளும்போதே தெரிஞ்சுடும்.

வெள்ளைக் குழிக்கு வருவோம். கரண்டியால் ஒரு பக்கம் வெட்டிட்டு அரை நிமிஷம் விடுங்க. தயிர்னா வெட்டின பள்ளத்தில் தண்ணீர் கசியும். மாவோ ஜெலட்டினோ சேர்த்த புட்டிங்னா சுவர் அப்படியே நிக்கும், கசியாது. உருளைக்கிழங்கு நாக்கில் நறநறன்னு தட்டும். ருசியை மட்டும் நம்பாதீங்க. வறண்ட காற்று, குறைஞ்ச அழுத்தம், இன்ஜின் இரைச்சல் எல்லாம் சேர்ந்து இனிப்பும் உப்பும் நாக்கில் மங்கித்தான் தெரியும். அங்கே "லேசா இனிப்பு"ன்னா தரையில் அது நல்ல இனிப்பு. உங்க 15 அநேகமா 18, 20 இருந்திருக்கும்.

குழம்புக் குழியை நீங்க கணக்கிலேயே சேர்க்கலை. தட்டை மெல்லச் சாய்ச்சுப் பாருங்க. பளபளன்னு ஒட்டுமொத்தமா நகர்ந்தால் சோளமாவு போட்டது, நாலு கரண்டிக்கு 5 கிராம் வைக்கலாம். எண்ணெய் தனியா, தண்ணீர் தனியா பிரிஞ்சு ஓடினால் மாவு அதிகம் இல்லை.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தாலும் உங்க 60 பெரிய தப்பாகத் தெரியலை, கொஞ்சம் குறைவாகவே போட்டிருக்கீங்க. இடிச்சது குழியின் கணக்கு இல்லை, வேளை. குழந்தை எதைச் சாப்பிடுவாள்னு தெரியாத தட்டுக்கு முழு டோஸையும் முன்னாடியே கொடுக்கக் கூடாது. நிச்சயம் உள்ளே போகும்னு தெரிஞ்ச பன்னுக்கும் இனிப்புக்கும் மட்டும் முதலில், மீதியைச் சோறு இறங்கின பிறகு. சாப்பிட்ட பிறகு போட்டால் சுகர் கொஞ்ச நேரம் மேலே ஏறி நிக்கும், ஆனால் ஜூஸோடு துரத்த வேண்டியிருக்காது. இப்படிப் பிரிச்சுப் போடறதை உங்க டாக்டர்கிட்ட ஒருதடவை பேசி வச்சுக்கோங்க.

தெளிவுரை:
இவ்வளவு சிரமம் எதுக்கு? டிக்கெட் எடுக்கும்போதே நீரிழிவு உணவுன்னு கேட்டால் போச்சு. பதிவில் DBML னு வரும். எங்க அப்பாவுக்கு எப்பவும் அதுதான். அதில் கார்ப் இருக்காது. அதோட கொழுப்பும் புரதமும் இருந்தால் இன்சுலின் குறைவாகவே போதும்.

பழையபேனா:
தெளிவுரை சார், DBML கேட்கிறது நல்லதுதான், சர்க்கரை போட்ட இனிப்புக்குப் பதிலா பழம் வரலாம். ஆனால் அதிலும் சோறோ ரொட்டியோ இருக்கும், குழிகளில் லேபிளும் இருக்காது. சர்க்கரை இல்லைங்கிறதை கார்ப் இல்லைன்னு எடுத்துக்கக் கூடாது. உங்க அப்பா மாத்திரையில் இருக்கார்னு நினைக்கிறேன், அவருக்குக் கிராம் கணக்கு தேவைப்படாது. கொழுப்பு விஷயம் பாதி உண்மை. அது சுகர் ஏறுவதைத் தள்ளிப் போடும், சோற்றில் உள்ள கார்பைக் குறைக்காது. கொழுப்பு அதிகமான தட்டுக்கு மூணு நாலு மணி நேரம் கழிச்சு சுகர் ஏறுவதைத்தான் பார்த்திருக்கேன்.

எடைக்கல்:
எனக்குச் சுகர் இல்லை, எடை குறைக்கிறேன், கலோரிதான் கணக்கு. என் அனுபவம் ரயிலில். பையில் சின்ன டிஜிட்டல் தராசு கொண்டுபோனேன். சோற்றுக் கிண்ணத்தை வச்சால் எண் 91, 104, 87ன்னு குதிச்சுக்கிட்டே இருந்தது. பக்கத்து இருக்கைப் பெரியவர் "என்னப்பா, தங்கமா நிறுக்கிறே?"ன்னார். அந்தக் குதிக்கிற எண்தான் இன்னும் ஞாபகம்.

அதனால் யாராவது தராசு கொண்டுபோறதா இருந்தால் கேட்டுக்கோங்க. வண்டி நின்னிருக்கும்போது மட்டும் நிறுங்க. ஓடும்போது தண்டவாள இணைப்பு ஒவ்வொன்றும் தராசை உதைக்கும். நிறுக்கும் முன்னாடி வெண்ணெய்ப் பொட்டலத்தை வச்சுப் பாருங்க. அதில் 10 கிராம்னு அச்சடிச்சிருந்தால், உறையோடு 10, 11 காட்டணும். 14 காட்டினால் அந்த இடத்தில் தராசை நம்பாதீங்க. மடிப்பு மேசை ஒரு பக்கம் தொங்கினாலும் தப்புக் காட்டும், பெட்டியின் மேல் வச்சுப் பாருங்க. காலிக் கிண்ணத்தின் எடையைச் சாப்பிட்டு முடிச்ச பிறகு கழிச்சுக்கலாம், அதுக்காக வேறு பாத்திரம் தேவையில்லை. அப்புறம் பழையபேனா சொன்ன எண்ணெய். எனக்கு அதுதான் எல்லாத்தையும்விடப் பெரிய ஓட்டை. மேசைக்கரண்டி ஒரு கரண்டி எண்ணெயில் 120 கலோரி, ஒரு கிண்ணக் குழம்பில் அது ஒளிஞ்சால் சோற்றைக் கிராம் கிராமா அளந்தும் பிரயோஜனம் இல்லை. கிண்ணத்தைச் சாய்ச்சு, மிதக்கிற எண்ணெயை ஒரு பக்கம் ஒதுக்கி விட்டுட்டுச் சாப்பிடுங்க.

நிலாஅம்மா:
எடைக்கல் தம்பி, அவளுக்கு எண்ணெயைக் குறைச்சால் கார்ப் குறையாது, ஆனால் வெண்ணெய்ப் பொட்டலத்தை வச்சுத் தராசைச் சோதிக்கிறதைக் கட்டாயம் செய்வேன்.

அடுப்படிக்காரன்:
நான் விமானச் சாப்பாடு கட்டுற இடத்தில் வரிசையில் நின்னு வேலை பார்த்தவன். ஒவ்வொரு தட்டுக்கும் படத்தோடு ஒரு அட்டை தொங்கும், எந்தக் குழியில் எது, எத்தனை கிராம்னு அதில் இருக்கும். நாங்க ஒரு அகப்பை அளவு வச்சுப் போடுவோம், நடுநடுவே ஒண்ணை எடுத்து நிறுத்துப் பார்ப்பாங்க. அதனால் பக்கத்துத் தட்டுக்கும் உங்க தட்டுக்கும் பெரிய வித்தியாசம் வராது. குடும்பமா போனீங்கன்னா உங்க தட்டுச் சோற்றைக் கோப்பையில் அளந்துட்டு, குழந்தை தட்டைத் தொடாமலே அந்த எண்ணை எடுத்துக்கலாம். குழந்தைகளுக்கான தனி உணவுன்னா மட்டும் அட்டை வேற, இந்த வழி உதவாது. பணிப்பெண்ணுக்குத் தெரியாததும் நியாயம்தான், அந்த அட்டை எங்க கூடத்தோடு நின்னுடும்.

ஆனால் பழையபேனா அய்யாவின் 75 கிராமை முழுசா ஏத்துக்க மாட்டேன். மூடி போடும்போது சோறு அமுங்கும், சூடாக்கும்போது நீராவியில் இன்னும் ஒட்டிக்கும். கோப்பையில் கட்டியா விழுந்தால் 100 மில்லிக்கு 85 வரைகூடப் போகும்.

பழையபேனா:
கட்டியா விழுந்தால் உதிர்த்துட்டு அளக்கணும். அதைச் சொல்லாமல் விட்டுட்டேன், நன்றி தம்பி.

மேகவழி:
எல்லாரும் குழியையே பார்க்கிறீங்க. நிலாஅம்மா, ஊசியா பம்ப்பா? பம்ப்னா விமானம் மேலே ஏறும்போது கேபின் அழுத்தம் குறைஞ்சு, இன்சுலினில் கரைஞ்சிருக்கிற காற்று குமிழாகி மருந்தை வெளியே தள்ளும். ஒரு யூனிட் பக்கம் கூடுதலா உள்ளே போகலாம். இறங்கும்போது இதுக்கு நேர்மாறு. நான் புறப்படும் முன்னாடி குழாயைக் கழட்டிடுவேன், மேலே போய் நிலையான பிறகு குமிழைத் தட்டி வெளியேத்திட்டு மாட்டுவேன்.

நிலாஅம்மா:
பம்ப்தான். கழட்டலை. யாரும் சொன்னதில்லை.

பழையபேனா:
எனக்கு இது முழுக்க ஒத்துவரலை. ஏறுறது முடிஞ்சு ரொம்ப நேரம் கழிச்சுத்தானே தட்டு வரும்? அப்போ சுகர் முன்னாடியே இறங்க ஆரம்பிச்சிருக்கணும். தட்டு வந்த நேரத்தில் சென்சார் எவ்வளவு காட்டிச்சு?

நிலாஅம்மா:
132, அம்பு கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்ஞ்சிருந்தது. பசியில் இறங்குதுன்னு நினைச்சேன்.

மேகவழி:
அந்தச் சாய்ஞ்ச அம்பைத்தான் சொல்றேன். பெரியவங்களுக்கு ஒரு யூனிட் பெருசில்லை. 15 கிராமுக்கு ஒரு யூனிட் போடற குழந்தைக்கு அது முக்கால் பன்.

பழையபேனா:
இருக்கலாம். சாப்பிடாமல் விட்ட சோறு 25 கிராம், கொடுத்த ஜூஸில் எவ்வளவுன்னு சொல்லுங்கம்மா. ரெண்டும் சமமா வந்தும் 78க்கு இறங்கியிருந்தால் மேகவழி பக்கம் சாய்வேன்.

நிலாஅம்மா:
ஜூஸ் பெட்டியில் 22ன்னு போட்டிருந்தது. கடைசி ரெண்டு வாய் குடிக்காமல் வச்சுட்டாளோன்னு ஒரு சந்தேகம் இருக்கு.