தாத்தா எண்பது – காசிமேடு குடும்பம்

கார்த்தி: எல்லாருக்கும் வணக்கம். மேடையில் பேரப்பிள்ளைகள் ஆளுக்கொரு பாட்டாக அந்தாதி சொல்கிறோம்; ஒரு பாட்டு முடியும் சொல்லில் அடுத்த பாட்டு தொடங்கும். என்னுடையது ‘வாழ்க’ என்று முடியும். அடுத்தது திவ்யா.

திவ்யா: ‘வாழ்க’வில் ஆரம்பித்து நான் என்னத்தை எழுதுவது?

சரசு பெரியம்மா: அதுதான் முதல் சிக்கல். பாட்டை எழுதிவிட்டுக் கடைசிச் சொல்லைத் தேடக் கூடாது. அந்தச் சொல்லை முதலில் பிடிக்க வேண்டும், அடுத்த பாட்டை அது தூக்கிக்கொண்டு போக வேண்டும். ‘வாழ்க’, ‘ஆகும்’ எல்லாம் மேலே நகராது. பொருளின் பெயராக எடுங்கள்: கடல், வீடு.

செல்வம் சித்தப்பா: அண்ணி, கடைசி எழுத்தில் ஆரம்பித்தால் போதுமே. அபிராமி அந்தாதி அப்படித்தானே, வெண்பா.

சரசு பெரியம்மா: எழுத்தை மட்டும் தொடுத்தாலும் அந்தாதிதான் தம்பி, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது வெண்பா இல்லை, கட்டளைக் கலித்துறை. ‘உதிக்கின்ற’ என்று தொடங்கி, நூறாவது பாட்டு அந்தச் சொல்லிலேயே போய் முடியும். நமக்கு இரண்டு குறள் வெண்பா போதும்:

கடலோரம் காற்றடிக்கும் காசிமேட்டில் தாத்தா
உடலால் உழைத்தெடுத்த வீடு.

மாலா அத்தை: சூப்பர் அண்ணி. சாப்பாட்டுக்கு வஞ்சிரமா, சைவமா?

திவ்யா: இது சரியா பெரியம்மா?
வீடு நிறைய பேரர்கள் வந்தாலும்
தேடும் அவர்கண் கடல்.

சரசு பெரியம்மா: கண்ணு, அருமை! கடலில் தொடங்கிக் கடலிலேயே முடித்துவிட்டாய். முதல் அடியில் மட்டும் இரண்டு குறை. ஒரு சீர் இல்லை, மூன்றரைக் கால் நாற்காலி மாதிரி நிற்கிறது. ‘நிறைய பேரர்கள்’ என்று சத்தமாகச் சொல்லிப் பார், நடுவில் தட்டும். ‘நிறைய’ மாச்சீர். அதன் பின்னால் ‘பே’ என்று நெடிலில் தொடங்கும் சொல் வரக்கூடாது. ‘நிறையவே’ என்றாக்கு, வழுக்கிக்கொண்டு போகும்.

கார்த்தி: எது ஒரு சீர் இல்லை? வீடு, நிறையவே, பேரர்கள், வந்தாலும். நாலு இருக்கிறதே.

சரசு பெரியம்மா: அட, ஆமாம். நாலுதான். ‘வே’ மட்டும் போதும்.

செல்வம் சித்தப்பா: அதெல்லாம் இருக்கட்டும். ‘தாத்தா உழைத்தெடுத்த வீடு’. மாடி போட்டது யார்?

மாலா அத்தை: ஆரம்பித்துவிட்டாரா அண்ணன்.

செல்வம் சித்தப்பா: கேட்டேன், அவ்வளவுதான்.

சரசு பெரியம்மா: நடுவில் ஒன்று சேர்க்கலாம் தம்பி. ஆனால் அது ‘வீடு’ என்று தொடங்கி ‘வீடு’ என்றே முடிய வேண்டும். இல்லாவிட்டால் திவ்யா பாட்டு அறுந்துவிடும்.

செல்வம் சித்தப்பா: வீடு முதல்மாடி போட்டதார் சொல்லுங்கள்

சரசு பெரியம்மா: தளை தட்டவே இல்லை! இரண்டாவது அடி?

செல்வம் சித்தப்பா: டூட்டி முடித்துவிட்டு அனுப்புகிறேன்.

கார்த்தி: அப்படியென்றால் என் ‘வாழ்க’?

மாலா அத்தை: வஞ்சிரம் முப்பது பேருக்கு எவ்வளவு, யாராவது சொல்லுங்கள்.